முடிந்த கட்டம் என்னும் பொய்

"இன்னிக்கு எத்தனை கட்டடம் வரைஞ்சீங்க?" புயலுக்குப் பின் வரைபடம் வரையும் தன்னார்வலர்களிடம் இதைத்தான் கேட்கிறோம். தப்பான கேள்வி.

2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா அருகே கரை கடந்தது. வரைபடத்தில் இல்லாத வீடுகளைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்தோம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் புயலுக்கு முந்தைய படம்தான் கிடைக்கும். எது இடிந்தது என்று அது சொல்லாது. எங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று சொல்லும்.

நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தருவார்கள். ஒரு கட்டத்தில் 40 கூரை என்று வையுங்கள். தகரக் கூரை பளிச்சென்று தெரியும், 30 வரைந்தாயிற்று. மண்ணின் நிறத்திலேயே இருக்கும் வட்டக் குடிசைகள் 10, மரநிழலில் விட்டுப்போகின்றன. அவசரத்தில் 'முடிந்தது' என்று குறித்துவிடுகிறோம். வீட்டுக்கு 5 பேர் என்று கணக்கிட்டால் 50 பேர் காணாமல் போகிறார்கள். சரிபார்ப்பவர் வரும்வரை அந்தக் கட்டத்தை யாரும் திறக்கப்போவதில்லை.

வரையாத கட்டம் 'தெரியாது' என்கிறது. அரைகுறையாக முடித்த கட்டம் 'இங்கே யாரும் இல்லை' என்கிறது. சந்தேகமா? 'முடியவில்லை' என்று குறித்து விடுங்கள், இன்னொருத்தர் எடுப்பார். எண்ணிக்கைப் பட்டியல் அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண்கூடத் தருவதில்லை. அதைத் தூக்கிப் போடுங்கள்.