எந்த மூட்டை எதற்கு?

பிச்சாட்டூரில் 600 சதுர அடியில் வீடு கட்டுபவரிடம் மேஸ்திரி முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “53 கிரேடு வாங்குங்க, அதான் ஸ்ட்ராங்கு.” சிமென்ட் கடைக்காரரோ சாம்பல் கலந்த பி.பி.சி.யை நீட்டுவார். யார் சொல்வது சரி?

வலிமையைவிட வேகத்தில்தான் வித்தியாசம். தரக்கட்டுப்பாட்டு விதிப்படி ஏழாம் நாளில் 53 கிரேடு சாதா சிமென்ட் குறைந்தது 37 நியூட்டன் (சதுர மில்லிமீட்டருக்கு) தாங்க வேண்டும். பி.பி.சி.க்கும், இரும்பு ஆலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்டுக்கும் 22 போதும். சிமென்ட் தண்ணீரில் கரைந்து இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்புடன் சாம்பல் மெல்ல மெல்லச் சேர்கிறது. ஈரம் இருக்கும்வரை இந்த வேலை பல வாரம் நடக்கும். நுண்துளைகள் அடைபடும். முன்கூட்டியே காய்ந்துவிட்டால் அதோடு நின்றுவிடும்.

எனவே உண்மையான சோதனை மேல்தளத்தில்தான். 600 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 250 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவையில் சுமார் 56 மூட்டை. அறையின் அகலம் 15 அடிக்குள் இருந்தால் சாதா சிமென்ட் தளத்தின் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456. கலப்பு சிமென்டுக்கு அது போதாது. 14 நாள் விடுவதே பத்திரம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் 14 நாள். சென்ட்ரிங் வாடகையை மிச்சம் பிடிக்க எட்டாம் நாளே முட்டைத் தட்டினால், தளம் நடுவில் தொய்யும், அடிப்பக்கம் மயிரிழை விரிசல் தெரியும். தண்ணீருக்கோ நாளுக்கோ உத்தரவாதம் இல்லையென்றால் தளத்துக்கு மட்டும் சாதா சிமென்ட் வாங்கலாம். ஆனால் அதற்கும் வெயில் காலத்தில் 10 நாள் தண்ணீர் வேண்டும்.

அஸ்திவாரத்தில் அவசரம் கிடையாது. மண்ணுக்குள் ஈரமும் நீடிக்கும். அங்கே பி.பி.சி. தாராளமாகப் போதும். இதே திருப்பதி மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய தடா பக்கம் போல உப்புத் தண்ணீர் ஊறும் இடமானால், ஸ்லாக் சிமென்ட் கூடுதல் பாதுகாப்பு. உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதை அது தாமதப்படுத்தும்.

பூச்சுக்கு 53 கிரேடு வீண்செலவு. சீக்கிரம் இறுகி, சுருங்கி, சிலந்தி வலை போல விரிசல் விடும். பி.பி.சி. கலவை கரணையில் வழவழப்பாக இழுபடும். சுவருக்கு ஒன்றுக்கு ஆறு மணல் போதும். ஒரு வாரம் நனைத்த பிறகு ஆணியால் கீறிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது சிமென்ட் பழசு.

மூட்டையில் அச்சிட்ட எண்ணைப் படித்து வாங்குங்கள்: 269 என்றால் சாதா, 1489 என்றால் பி.பி.சி., 455 என்றால் ஸ்லாக். பக்கத்திலேயே தயாரித்த வாரமும் இருக்கும். மூன்று மாதம் தாண்டிய மூட்டை எந்த வகையானாலும் வேண்டாம்.