அப்பா டிஃபால்டர் ஆன கதை, அல்லது எக்ஸெல் ஷீட்டில் பச்சைக் கலர் அடிக்கும் புண்ணியவான்களுக்கு

நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் போன வாரம் சாட்டில் சொன்னார்: "நாலு வீடு இருந்தா என்ன, நாற்பது வீடு இருந்தா என்ன, மொபைல்ல ரிமைண்டர் போட்டா வேலை முடிஞ்சுது. இதுக்கெல்லாம் ஒரு டிராக்கரா?" பக்கத்திலேயே இன்னொருத்தர், "என்கிட்ட ஒரு எக்ஸெல் இருக்கு, ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை, கட்டியாச்சுன்னா பச்சை" என்று பெருமையாக ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார்.

ரெண்டு பேர் மேலும் எனக்குக் கோபம். காரணம், ரெண்டையும் நானே செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதனால இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு சென்னையில் ரெண்டு சொத்து. நாங்க குடியிருக்கிற ஃபிளாட் ஒண்ணு. வாடகைக்கு விட்டிருந்த தனி வீடு ஒண்ணு, அதில் கீழ்த்தளம் பழசு, மாடி பிற்பாடு கட்டினது. 2023-ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் வரி கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை அவர் ஒரு பழைய டைரியில் எழுதி, ரசீதை ஜெம் கிளிப் போட்டு வைப்பார். நான் இஞ்சினியர் ஆச்சே! டைரியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ஷீட் ஒன்று தயார் செய்தேன். வீடு, கடைசித் தேதி, தொகை, கட்டியாச்சா. நாலே நாலு காலம். ஃபிளாட்டுக்கு ஒரு வரிசை, கீழ்வீட்டுக்கு ஒண்ணு, மாடிக்கு ஒண்ணு. எல்லாம் பச்சை. ஆஹா.

2025-ல் அந்தத் தனி வீட்டை விற்க முடிவு செய்தோம். விலை பேசியாச்சு, பத்திரப்பதிவுக்கு நாள் பார்த்தாச்சு. வாங்குகிறவருடைய வக்கீல் சொத்து வரி ரசீது, மெட்ரோ வாட்டர் ரசீது எல்லாம் கேட்டார். கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது. "தம்பி, மாடிக்கு மெட்ரோ வாட்டர் வரி நிலுவை நிற்குதே, எட்டு அரையாண்டு?"

"சார், மாடிக்குத் தனி கனெக்ஷனே கிடையாது. கீழ இருக்கிற சம்பிலிருந்துதான் தண்ணி ஏறுது."

"கட்டணம் வேற, வரி வேற தம்பி."

இதுதான் விஷயம். சென்னையில் மெட்ரோ வாட்டர் வாங்குவது ரெண்டு தனித்தனி சமாசாரம். குடிநீர்க் கட்டணம் என்பது இணைப்புக்கு. குடிநீர், கழிவுநீர் வரி என்பது சொத்துக்கு. அது மாநகராட்சி நிர்ணயிக்கிற ஆண்டு மதிப்பில் வருஷத்துக்கு 7 சதவீதம், அரையாண்டுக்குப் பாதி. உங்க வீட்டுக்குக் குழாய் இருக்கா இல்லையா என்று அந்த வரி கேட்காது. எங்க மாடி சொத்து வரிக்குத் தனியாக மதிப்பீடு ஆகி, தனி பில் எண் வாங்கியிருந்தது. அதனால் தண்ணி வரியும் தனியாக ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

கணக்கு இதுதான் (வசதிக்காக ரவுண்டாக்கியிருக்கிறேன்). மாடியின் ஆண்டு மதிப்பு 24,000. வருஷத்துக்கு வரி 1,680, அரையாண்டுக்கு 840. எட்டு அரையாண்டுக்கு 6,720, அதற்கு மேல் தாமதத்துக்கான கூடுதல் தொகை வேறு. பெரிய பணமா? இல்லை. ஆனால் பத்திரப்பதிவு மூன்று வாரம் தள்ளிப்போச்சு. வாங்குகிறவர் "இன்னும் வேற என்னெல்லாம் பாக்கி இருக்கோ" என்று சந்தேகப்பட ஆரம்பித்தார். அதைவிட, அப்பா ஈஸி சேரில் சாய்ந்துகொண்டு சொன்ன ஒரு வாக்கியம்: "முப்பது வருஷமா நான் ஒரு தடவை பாக்கி வச்சதில்லைடா."

டைரியை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில், "மாடி: மெட்ரோ வாட்டர் வரி, விசாரிக்கணும்" என்று எழுதியிருந்தது. அந்த வரிக்கு என் ஷீட்டில் இடமே இல்லை. ஏன்? என் ஷீட்டில் வரிசை என்பது வீடு. வீட்டுக்கு வீடு பச்சை அடித்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

மக்களே, வீடு வரி கட்டுவதில்லை. பில் எண்தான் கட்டுகிறது. ஒரு எண், ஒரு அரையாண்டு, ஒரு கேட்புத் தொகை. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு வரிசை. எங்களிடம் இருந்தது வீட்டுக் கணக்கில் ரெண்டு, என் ஷீட்டில் மூணு, உண்மையில் அரையாண்டுக்கு எட்டு. ஃபிளாட்டுக்கு சொத்து வரி, தண்ணி வரி, தண்ணிக் கட்டணம். கீழ்வீட்டுக்கு அதே மூணு. மாடிக்கு சொத்து வரி, தண்ணி வரி. எட்டை மூன்றாக மடக்கினால் காணாமல் போவது எது என்று மடக்கினவனுக்கே தெரியாது.

அடுத்தது அந்தக் "கடைசித் தேதி" காலம். சொத்து வரி அரையாண்டுகள் ஏப்ரல் 1-லும் அக்டோபர் 1-லும் தொடங்குகின்றன. நம்மில் பாதிப்பேர் செப்டம்பர் 30, மார்ச் 31 என்று ரிமைண்டர் போட்டு வைத்திருக்கிறோம். நானும்தான். அது அரையாண்டு முடிகிற நாள், கட்ட வேண்டிய நாள் இல்லை! 2023-ஆம் வருஷ நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அதைத் தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீதம் தனி வட்டி. செப்டம்பர் கடைசியில் கட்டுகிறவருக்கு 5 சதவீதம் கிடைக்காமல் போகிறது, அஞ்சு மாத வட்டி 5 சதவீதம் ஏறுகிறது. சொன்ன தேதிக்கு ரிமைண்டர் ஒழுங்காக அடித்தும் 10 சதவீதம் நஷ்டம். ரிமைண்டர் போதும் என்கிற நண்பரே, உங்க மொபைல் தப்பான தேதியைத்தான் சரியான நேரத்துக்கு ஞாபகப்படுத்துகிறது.

மூணாவது, பச்சைக் கலர். இது எங்க ஃபிளாட்டில் நடந்தது. அரையாண்டு சொத்து வரி 3,000. 2024 அக்டோபரில் சென்னையில் சொத்து வரி 6 சதவீதம் உயர்ந்தது. என் ஷீட் போன தடவைத் தொகையை அப்படியே கீழே இழுத்து நகல் எடுத்திருந்தது. நான் அதைப் பார்த்து 2,850-க்கு (5 சதவீதம் கழித்து) செக் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, பச்சை அடித்தேன். உண்மையான கேட்பு 3,180. ஊக்கத்தொகை 159 போனாலும் கட்ட வேண்டியது 3,021. குறைந்தது 171 ரூபாய் பாக்கி. ஷீட்டில் பச்சை, கணக்கில் நிலுவை.

கட்டினேன் என்பது நம்ம பக்கத்துச் செய்தி. பாக்கி இல்லை என்பது அவங்க பக்கத்துச் செய்தி. ரெண்டையும் ஒரே டிக் மார்க்கில் அடக்குவது, கோட் கம்பைல் ஆச்சு என்பதால் டெஸ்ட் பாஸ் என்று சொல்வதைப் போல. ஆபீசில் ஒருத்தன் அப்படிச் சொன்னால் விடுவோமா?

இப்போ என் ஷீட் எப்படி இருக்கு என்று சொல்லிவிடுகிறேன். A-யில் எந்த அமைப்பு, என்ன வகை (வரியா, கட்டணமா). B-யில் பில் எண். C-யில் அரையாண்டு தொடங்கும் தேதி. D-யில் கேட்புத் தொகை, ஒவ்வொரு தடவையும் தளத்தில் பார்த்துப் புதிதாக அடிக்க வேண்டும், இழுக்கக் கூடாது. E-யில் ஊக்கத்தொகைக்குக் கடைசி நாள். F கட்டிய தொகை, G ரசீது தேதி, H ரசீது எண். I-யில் கட்டின பிறகு தளம் காட்டும் பாக்கி, J-யில் அதைப் பார்த்த தேதி. K, L ரெண்டும் சூத்திரம். K வருகிற பாக்கி நம்ம கணக்கு, L முடிந்ததா இல்லையா.

```
E2: =C2+29
K2: =D2-F2-IF(AND(G2>0,G2<=E2),MIN(D2*5%,5000),0)
L2: =AND(H2<>"",ISNUMBER(I2),I2=0,J2>G2)
```

E, K ரெண்டும் சொத்து வரி வரிசைகளுக்கு மட்டும். C2+29 என்றால் ஏப்ரல் 30, அக்டோபர் 30. தண்ணி வரிசைகளில் K வெறும் D-யிலிருந்து F-ஐக் கழித்தது, E-யில் பில்லில் உள்ள தேதி. L-இல் ISNUMBER எதற்கு என்று கேட்பீர்கள். காலியான செல்லை எக்ஸெல் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் J-யில் தேதி மட்டும் போட்டு I-யைக் காலியாக விட்டாலே "பாக்கி பூஜ்யம்" என்று வந்துவிடும். மறுபடியும் பொய்ப் பச்சை.

K-யும் I-யும் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேதான் வேலை இருக்கிறது. ஒண்ணு கேட்பு மாறியிருக்கும், இல்லை பழைய நிலுவை இருந்திருக்கும், இல்லை பணம் வேற எண்ணுக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் கையில் ரசீது எண் இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை.

இந்த ஷீட்டால் முடியாததும் ஒண்ணு இருக்கு. நமக்குத் தெரியாத பில் எண்ணை இது கண்டுபிடிக்காது. அதற்கு வழி ஒன்றுதான்: ஒவ்வொரு சொத்து வரி எண்ணையும் எடுத்துக்கொண்டு, "இதற்கு ஜோடியாகத் தண்ணி வரி எண் எது?" என்று மெட்ரோ வாட்டர் பக்கம் ஒரு தடவை போய்க் கேட்பது. ஜோடி இல்லாத எண் இருந்தால் அதுதான் நம்ம மாடி.

சென்னைக்கு வெளியே வீடு இருப்பவர்கள் இந்தச் சென்னைக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோவை, மதுரையில் தண்ணிக் கட்டணத்தை மாநகராட்சியே வாங்குகிறது, இணைப்புக்குத் தனி எண். அதனால் A காலத்தில் அமைப்பின் பெயரை எழுதுவது அலங்காரத்துக்கு இல்லை.

அந்த வீடு கடைசியில் விற்றாச்சு. பதிவு முடிந்து வந்த அன்னிக்கு அப்பா எட்டு வரிசையையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ரசீது எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு ஷீட்டை மடித்து, அந்தப் பழைய டைரிக்குள் வைத்து, ஜெம் கிளிப் போட்டார். நான் ஒண்ணும் பேசவில்லை.

டிஸ்கி: ஸ்க்ரீன்ஷாட் அனுப்பின நண்பரே, உங்க பச்சை வரிசைகளில் எத்தனைக்கு ரசீது எண் இருக்கு என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் சண்டைக்கு வாங்க. காத்திருக்கேன் :-)