முதல் மதிப்பெண்ணை நம்பி ஒரு கணக்கு

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசைப் பட்டியலில் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரும் சி.பி.எஸ்.இ.யில் படித்தவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இருவர் எழுதிய வினாத்தாளும் வேறு, திருத்தியவர்களும் வேறு. இவர்களை ஒரே வரிசையில் நிறுத்துவதற்கு, நுழைவுத்தேர்வுக்கு விடைகொடுத்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு பாடத்திலும் மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் பிற வாரியத்தின் முதல் மதிப்பெண்ணும் சமம் என்று கொள்ள வேண்டும். மற்ற மதிப்பெண்கள் அதே விகிதத்தில் மாறும்.

இயற்பியலை எடுத்துக்கொள்வோம். மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால், அந்த வாரியத்தில் 60 எடுத்த மாணவிக்கு 66.67 கிடைக்கும். வினாத்தாள் கடினமாக இருந்ததற்கான ஈடு இது. பார்வைக்கு எளிமையானது, நியாயமானது.

ஆனால் அந்த வாரியத்தில் ஒரே ஒரு மாணவர் 99 எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாத்தாள் மாறவில்லை, அந்த மாணவியின் விடைத்தாளும் மாறவில்லை. ஆனாலும் அவருடைய 66.67 சட்டென்று 60.61 ஆகிவிடுகிறது. கட்-ஆஃபில் இயற்பியலுக்குப் பாதி மதிப்பு என்பதால் இழப்பு சுமார் 3 மதிப்பெண். அரை மதிப்பெண்ணில் விரும்பிய கல்லூரி கைநழுவும் கலந்தாய்வில், முன்பின் அறியாத ஒருவர் நன்றாக எழுதியதற்காக இவர் பின்னுக்குப் போகிறார்.

இரு வாரியங்களிலும் யாராவது ஒருவர் 100 எடுத்துவிட்டால் இந்தச் சூத்திரத்துக்கு வேலையே இல்லை. 60 என்பது 60-ஆகவே இருக்கும். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில், வினாத்தாள் எவ்வளவு கடினமாக இருந்தாலும் முழு மதிப்பெண் எடுக்கப் பெரும்பாலும் ஒருவர் இருப்பார். நடுவில் இருக்கும் பெருங்கூட்டம் என்ன பாடுபட்டது என்பது அந்த ஒருவரின் மதிப்பெண்ணில் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள சராசரியையும் திட்ட விலக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வாரியத்தில் சராசரி 70, திட்ட விலக்கம் 15. இன்னொன்றில் சராசரி 55, திட்ட விலக்கம் 10 என்போம். இரண்டாவதில் 70 எடுத்தவர் சராசரியைவிட ஒன்றரை திட்ட விலக்கம் மேலே இருக்கிறார். முதல் வாரியத்தில் அதே உயரம் 92.5. இரு வாரியங்களிலும் முதல் மதிப்பெண் 100 என்றால், நம் சூத்திரம் இவருக்கு வெறும் 70-ஐத்தான் தரும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. இரு தரப்பு மாணவர்களும் சராசரியில் சம திறமை உள்ளவர்கள் என்று அது நம்புகிறது. ஜே.இ.இ. மெயின் தேர்வில் யாருக்கு எந்த ஷிப்ட் என்பதைக் கணினி கலைத்துப்போட்டு ஒதுக்குவதால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கிறது. அங்கே பர்சென்டைல் செல்லும். வாரியங்களில் அப்படி யாரும் பிரித்துப் போடுவதில்லை. குடும்பத்தின் வசதியும் ஊரும்தான் பள்ளியைத் தீர்மானிக்கின்றன. ஒரு வாரியத்தின் சராசரி குறைந்தால், வினாத்தாள் கடினமா, மாணவர்களுக்குப் பயிற்சி போதவில்லையா என்பதைச் சராசரி மட்டும் சொல்லாது. இரு தரப்பும் பொதுவாகச் சில வினாக்களுக்கு விடை எழுதியிருந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

சூத்திரம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் 2025-இல் பட்ட பாடு சாட்சி. சராசரி, திட்ட விலக்கம் அடிப்படையிலான பழைய முறையால் மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் மதிப்பெண் இழப்பதாகப் புகார் எழுந்தது. பொறியியல் தரவரிசை வெளியாகும் நேரத்தில் அரசு தமிழ்நாட்டு முறைக்கு மாறியது. கடைசி நேர மாற்றம் செல்லாது என்றது உயர் நீதிமன்றம். பழைய சூத்திரப்படி பட்டியல் மறுபடி வந்தபோது, முதலிடத்தில் இருந்தவர் ஏழாம் இடத்துக்குப் போயிருந்தார். தேர்வு ஒன்றுதான், விடைத்தாளும் ஒன்றுதான். மாறியது சூத்திரம் மட்டுமே.

நம் சூத்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வழி இருக்கிறது. ஒரே கட்-ஆஃபில் ஒரே கல்லூரியில், ஒரே பாடப்பிரிவில் சேர்ந்த இரு வாரிய மாணவர்களின் முதல் பருவக் கணிதத் தேர்ச்சியை ஒப்பிட்டால் போதும். ஆண்டுதோறும் ஒரு தரப்பு மட்டும் தெளிவாகப் பின்தங்கினால், அந்தத் தரப்பின் மதிப்பெண் கூடுதலாக மதிக்கப்படுகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. இதற்கான தரவு பல்கலைக்கழகத்திடமே இருக்கிறது.

அரசு அந்த ஒப்பீட்டைச் செய்து வெளியிட வேண்டும். ஒவ்வொரு வாரியத்தின் பாடவாரி சராசரியையும் திட்ட விலக்கத்தையும் தரவரிசைப் பட்டியலுடன் சேர்த்துத் தர வேண்டும். அந்த முடிவுகளை வைத்துச் சட்டத்தின் சமன்படுத்தும் பிரிவைத் திருத்தி, புதிய முறையை மாணவர்கள் பிளஸ் டூ வகுப்பில் நுழையும் முன்பே அறிவிக்க வேண்டும்.