கருவி மூலை: கிரீஸ் போட்ட போல்ட் ஏன் நீண்டுபோகிறது?

‘‘ரோட்டவேட்டர் பிளேடுகளுக்கு 12 மி.மீ. புது போல்ட்டுகள் வாங்கினேன். துருப்பிடிக்காமல் இருக்க மரையில் கறுப்பு கிரீஸ் தடவி, டார்க் ரென்ச்சில் 88 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்கினேன். சில போல்ட்டுகள் இழுபட்டு நீண்டுவிட்டன. துருவோடு இருந்த பழைய போல்ட்டுகளையும் அதே 88-ல்தான் முடுக்கினேன். அவை உழும்போது கழன்றுவிட்டன. ஒரே அளவு முறுக்கியும் ஏன் இப்படி?’’

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

‘‘டார்க் ரென்ச் காட்டுவது நட்டைத் திருப்ப நீங்கள் கொடுத்த முறுக்கு விசையைத்தான். பிளேடைப் பிடித்து வைப்பது போல்ட்டின் இழுவிசை. இரண்டும் வேறு வேறு.

நட்டை முடுக்கும்போது போல்ட் ரப்பரைப் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. அது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் விசைதான் பிளேடையும் தட்டையும் சேர்த்து நெருக்குகிறது. அந்த நெருக்கம் போதுமானதாக இருந்தால் பிளேடு அசையாது. குறைந்தால் பிளேடு வழுக்கி ஆடும். நட்டு கழலும் அல்லது போல்ட் வெட்டுப்படும்.

தலையில் 8.8 என்று பொறித்த 12 மி.மீ. போல்ட்டுக்கு ஏறக்குறைய 3.7 டன் இழுவிசை இருந்தால் நல்லது. அது தாங்கக்கூடிய எல்லையில் முக்கால் பங்கு இது. எண்ணெய் போடாத, சுத்தமான போல்ட்டில் இந்த இழுவிசையைக் கொண்டுவர 88 நியூட்டன் மீட்டர் தேவை. ஓர் அடி நீளக் கைப்பிடியின் முனையில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு இது.

ஆனால், இந்த 88-ல் போல்ட்டை நீட்டப் பயன்படுவது சுமார் 10 மட்டுமே. ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பாகம் வாஷரில் உரசுவதிலேயே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதி, மரையும் மரையும் உரசுவதில் போகிறது. பத்து ரூபாய்ப் பொருளுக்கு எழுபத்தெட்டு ரூபாய் வண்டிக்கூலி கொடுப்பதுபோல. வண்டிக்கூலி கொஞ்சம் மாறினாலும், மிஞ்சும் பத்து ரூபாயில் பெரிய மாற்றம் வந்துவிடும்.

உங்கள் வயலில் நடந்தது இதுதான். துருப்பிடித்த மரையில் உராய்வு அதிகம். அங்கே அதே 88-க்குக் கிடைத்த இழுவிசை சுமார் இரண்டரை டன்தான். ரென்ச் ‘கிளிக்’ என்று சொல்லியிருக்கும். ஆனால், பிளேடு சரியாகப் பிடிபடவில்லை. சாதாரண எண்ணெய் தடவியிருந்தால் அதே 88-ல் 5 டன் வரும். போல்ட் தன் எல்லையிலேயே நிற்கும். நீங்கள் தடவிய கறுப்பு கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது) இன்னும் வழுக்கும். அதில் 6 டன் தாண்டிவிடும். இந்த போல்ட் ஐந்தரை டன்னிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும்.

இனி இப்படிச் செய்யுங்கள். இயந்திரத்தோடு வந்த கையேட்டில், முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கா, எண்ணெயிட்ட மரைக்கா என்று பாருங்கள். உலர்ந்ததற்கு என்றால், மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, அப்படியே முடுக்குங்கள். துரு பயத்தால் எண்ணெய் போட்டே ஆகவேண்டும் என்றால், ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் மட்டும் மரையிலும் நட்டின் அடியிலும் தடவி, அளவில் கால் பங்கைக் குறையுங்கள். 88-க்குப் பதில் 66. அப்போது கிடைப்பது அதே 3.7 டன்தான். எல்லா போல்ட்டுகளும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். சிலதில் எண்ணெய், சிலதில் துரு என்று கலந்து போடாதீர்கள்.

முடுக்கும்போது கை சொல்வதையும் கவனியுங்கள். நட்டு திரும்பிக்கொண்டே இருக்கிறது, ஆனால் கனம் ஏறவில்லை என்றால், போல்ட் நீள்கிறது என்று பொருள். உடனே நிறுத்தி, அந்த போல்ட்டைக் கழற்றிப் போட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் புது நட்டு ஒன்றை விரலால் ஓட்டிப் பாருங்கள். மரை முழுக்கச் சுலபமாக ஓடாமல் நடுவில் சிக்கினால், அந்த போல்ட் இழுபட்டுவிட்டது. ஸ்பேனரில் மூன்றடி பைப்பைச் செருகி, ஓர் அடிக் கைப்பிடியில் கொடுத்த அதே பலத்தைக் கொடுத்தால் முறுக்கு மூன்று மடங்காகும். பல போல்ட்டுகள் கெடுவது அதனால்தான்.

டார்க் ரென்ச்சைச் சரியாகப் பயன்படுத்தினாலும், உராய்வு போல்ட்டுக்கு போல்ட் மாறுவதால் இழுவிசை கால் பங்கு கூடவோ குறையவோ இருக்கலாம். அதனால், புது போல்ட் போட்டு ஒரு மணி நேரம் உழுததும், இன்ஜினை நிறுத்தி, பி.டி.ஓ. இணைப்பை விடுவித்த பிறகு, எல்லா நட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.’’