விழா அறிவிப்பும் வாயிற்கதவும்

மும்பையில் கல்லூரிக் கலைவிழாக்களின் பருவம் ஆகஸ்டுத் திங்களிலேயே தொடங்கிவிடுகிறது. சவேரியார் கல்லூரியின் ‘மல்ஹார்’ அத்திங்களில் நடைபெறும். பவாய் ஐ.ஐ.டி.யின் ‘மூட் இண்டிகோ’ டிசம்பரில் வரும். இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னரும் எத்தனையோ கல்லூரிகள் தத்தம் விழாக்களை நடத்துகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அவற்றில் ஆடுகின்றனர், பாடுகின்றனர். சிலர் விழாக்குழுவிலேயே பொறுப்பேற்று நிற்கின்றனர்.

நம் மன்றத்து அன்பர் ஒருவரின் மகன் அவ்வாறு பொறுப்பேற்றவன். மூன்றாம் ஆண்டு மாணவன். விளம்பரக் குழுவின் செயலாளன். சென்ற வாரம் தன் கல்லூரி விழாவின் அறிவிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தான். “ஐயா, இதை நம் இதழிலும் ஒரு மூலையில் போட்டால் நம்மவர்கள் குடும்பத்தோடு வருவார்கள்” என்றான். வாங்கிப் பார்த்தோம். வண்ணத்துக்குக் குறைவில்லை. நடுவே ஒரு பாடகரின் கரிய நிழலுருவம். அதன் கீழே ‘யார் இவர்?’ என்ற கேள்வி. முப்பது நிகழ்ச்சிகளின் பெயர்கள் ஒரே மூச்சில் அடுக்கப்பட்டிருந்தன. அடியில் சிறிய எழுத்தில், ‘அனுமதிச் சீட்டுகள் கிடைக்கும், முந்துங்கள்’ என்றிருந்தது.

“தம்பி, உன் தங்கை இதற்கு வருகிறாள் அல்லவா? எந்த வாயிலால், எத்தனை மணிக்கு உள்ளே வருவாள்?” என்று கேட்டோம். அவன் அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் விடை இல்லை. அவனுக்கும் விடை தெரியவில்லை. ஆகவே இருவரும் அமர்ந்து அவ்வறிவிப்பை முதலிலிருந்து எழுதினோம். எழுதிய முறையைப் பிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படுமென்று இங்கே கூறுகிறோம்.

முதலில் சீட்டுக் கணக்கைப் பார்த்தோம். இறுதிநாள் இசைநிகழ்ச்சி நடக்கும் திறந்தவெளி அரங்குக்கு 3,000 பேர் வரை அனுமதி பெற்றிருந்தார்கள். அக்கல்லூரியில் பயில்வோர் 2,600 பேர். அவர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், உள்ளே வரலாம் என்று குழு முடிவு செய்திருந்தது. போட்டிகளுக்கு வரும் பிற கல்லூரிக் குழுக்கள் 40. குழுவுக்கு 15 பேர் என்றால் 600 பேர். கலைஞர்கள், தொண்டர்கள், காவலர், பொருளுதவி செய்தோர் ஆகியோர் 250 பேர். கூட்டிப் பார்த்தால் 3,450. வெளியாருக்கு ஒரு சீட்டும் விற்குமுன்பே அரங்கு நிரம்பி வழிந்துவிட்டது! ‘எல்லோருமா வரப்போகிறார்கள்?’ என்பது குழுவின் எண்ணம். பகற்போட்டிகளுக்கு அவ்வெண்ணம் பொருந்தலாம். புகழ்பெற்ற பாடகர் பாடும் இரவுக்குப் பொருந்தாது. அன்று பழைய மாணவர்கூட வருவர்.

எனவே அடையாள அட்டையைப் பகல் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் போதுமானதாக்கி, இரவு நிகழ்ச்சிக்கு எண்ணிட்ட தனிச் சீட்டு என்று மாற்றச் சொன்னோம். சொந்த மாணவர்க்கு 1,600, பிற கல்லூரிக் குழுக்களுக்கு 600, விற்பனைக்கு 500. பணியில் இருக்கும் 250 பேரையும் சேர்த்தால் 2,950. அனுமதிக்கு ஐம்பது குறைவு. அந்த ஐம்பது கையிருப்பாக இருக்கட்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒருவருடைய சீட்டைக் கருவியில் காட்டிச் சரிபார்த்து, பையையும் திறந்து பார்க்க எட்டு நொடி ஆகிறது என்று கொள்வோம். ஒரு வரிசையில் மணிக்கு 450 பேர் உள்ளே போகலாம். நான்கு வரிசை இருந்தால் 1,800 பேர். சீட்டோடு வரும் 2,700 பேரும் உள்ளே போக ஒன்றரை மணி நேரம் வேண்டும். பழைய அறிவிப்பில் ‘மாலை 7 மணி’ என்று மட்டுமே இருந்தது. அதைப் படித்தவர்களெல்லாம் ஆறே முக்காலுக்கு வந்து நிற்பார்கள். உள்ளே இசை தொடங்கும்; வெளியே ஈராயிரம் பேர் நிற்பார்கள். இடருக்கு வித்து அந்த நேரமே.

இஃது வெறும் அச்சமன்று. 2023ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து மாணவர் விழாவில் ஓர் இசைநிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. திறந்தவெளி அரங்கின் வாயிலுக்கு வெளியே கூட்டம் காத்து நின்றது. மழை பெய்யத் தொடங்கவே எல்லோரும் ஒருசேர உள்ளே நெருங்கினர். வாயிலைக் கடந்ததும் கீழ்நோக்கிச் செல்லும் படிகள். முன்னே சென்றவர் விழ, பின்னே வந்தவர் அவர்மேல் விழுந்தனர். நால்வர் உயிரிழந்தனர், அறுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துயரம் மேடையருகில் நிகழவில்லை; வாயிற்படியில் நிகழ்ந்தது. மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, எந்த வாயில் யாருக்கு என்பன காத்து நிற்போர்க்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய முதல் இடம் அறிவிப்புத்தாள்.

மூன்றாவது, நிகழ்ச்சி நிரல். முப்பது பெயர்களை அடுக்குவதால் யாருக்கும் பயனில்லை. போட்டியில் சேர விரும்பும் மாணவனுக்கு முதற்சுற்று எப்போது, குழுவில் எத்தனை பேர், எத்தனை நிமிடம், பதிவு செய்யக் கடைசி நாள் எது என்பன வேண்டும். காண வரும் பெற்றோருக்கு இறுதிச்சுற்று எப்போது, எங்கே என்பது போதும். இரண்டையும் கலந்து எழுதினால், மகளின் நடனத்தைக் காண வந்த தாய் முதற்சுற்று நடக்கும் பூட்டிய அறையின் முன் நிற்க நேரும். வேறொரு பிழையும் கண்டோம். வினாடி வினாவும் சொற்போரும் ஒரே நேரத்தில் இருந்தன. இரண்டிலும் சேர்பவர்கள் பெரும்பாலும் அதே மாணவர்கள்தாம். சொற்போரைப் பிற்பகலுக்குத் தள்ளினோம்.

நான்காவது, ஆவலைத் தூண்டும் முன்னறிவிப்பு. நிழலுருவத்தைப் போட்டு ‘யார் இவர்?’ என்று கேட்டால் மாணவர் தத்தமக்குப் பிடித்தவரின் பெயரைச் சொல்லிப் பரப்புவார்கள். மூன்று நாளில் வதந்தியே செய்தியாகிவிடும். வேறொருவர் மேடையேறும்போது ஏமாற்றமும் கூச்சலும் எழும். ஒப்பந்தம் கையெழுத்தாகி முன்பணமும் கொடுத்தபின் பெயரை வெளியிடுவதே முறை. அதுவரை உறுதியானவற்றை மட்டும் சொல்லலாம். எத்தனை வாத்தியங்கள், எவ்வளவு நேரம், எம்மொழிப் பாடல்கள் என்பனவே ஆவலுக்குப் போதும்.

முடியும் நேரத்தையும் எழுதச் சொன்னோம். ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். கல்லூரி விழா அந்நாட்களில் அமையும் என்று நம்பியிருத்தல் ஆகாது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் புனேயில் ஏ. ஆர். ரகுமான் அவர்களின் நிகழ்ச்சியையே பத்து மணியானதும் காவல்துறையினர் நிறுத்தச் செய்தனர். கலைஞர் ஒன்பது மணிக்கு வந்தால் ஒரு மணி நேரமே பாடுவார். ஆகவே ஏழு மணிக்குத் தொடங்குவது முழுச் சீட்டுக்கு முழு இசை கிடைக்கும் வழியுமாகும்.

இவ்வாறு திருத்திய அறிவிப்பை, கல்லூரியின் பெயரும் நாளும் முறைப்படி வெளிவருமுன் விடுத்து, மாதிரியாகத் தருகிறோம்.

முதல் நாள். காலை 10 மணி, பேரவை மண்டபம்: வினாடி வினா, இறுதிச்சுற்று. பிற்பகல் 2 மணி, அதே மண்டபம்: சொற்போர். மாலை 5 மணி, நூலக முற்றம்: வீதி நாடகம், குழுவுக்கு 20 நிமிடம். இம்மூன்றுக்கும் கட்டணமில்லை.

இரண்டாம் நாள். காலை 11 மணி: கோலப்போட்டி, மருதாணிப் போட்டி. மாலை 4 மணி, திறந்தவெளி அரங்கு: குழு நடனம், இறுதிச்சுற்று, குழுவில் 8 முதல் 20 பேர், மேடை அமைப்பும் சேர்த்து 8 நிமிடம். பார்வையாளர் கட்டணம் 50 ரூபாய்.

மூன்றாம் நாள். திறந்தவெளி அரங்கு: திரையிசை இரவு. ஏழு வாத்தியங்கள், 90 நிமிடம், மூன்று மொழிப் பாடல்கள்; அவற்றுள் தமிழும் ஒன்று. பாடகரின் பெயர் ஒப்பந்தம் முடிந்ததும் வெளியாகும். வெளியார்க்குச் சீட்டு 500 மட்டும். விலை 400 ரூபாய். வாயிலில் விற்பனை இல்லை. ஒரு சீட்டு ஒருமுறைதான் செல்லும்; படியெடுத்துப் பகிர்ந்தால் முதலில் வந்தவர்க்கே அனுமதி. வாயில் திறப்பது மாலை 5 மணி. அனுமதி முடிவது 6.45, இசை தொடங்குவது 7, முடிவது 9 மணிக்குள். மாணவர் முதல் வாயில். வெளியாரும் குடும்பத்தினரும் மூன்றாம் வாயில். மழை பெய்தால் உணவுக்கூடமும் பேரவை மண்டபமும் திறந்திருக்கும். நிகழ்ச்சி நின்றால் சீட்டின் விலை திருப்பித் தரப்படும்.

படித்துப் பார்த்த மாணவன், “கவர்ச்சி குறைந்துவிட்டதே, ஐயா” என்றான். நிழலுருவத்தை வேண்டுமானால் மூலையில் வைத்துக்கொள் என்றோம். மறுநாள் குழுவினரிடம் காட்டியபோது சீட்டின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றி வாக்குவாதம் எழுந்ததாம். முதல்வர் 3,000 என்ற அனுமதித் தாளை எடுத்துக் காட்டியபின் அடங்கியதாம். வாயில்களைப் பற்றி எவரும் மறுத்துப் பேசவில்லையாம்.

இப்பருவத்தில் உங்கள் இல்லத்துக்கும் இத்தகைய அறிவிப்புகள் வரும். பாடகரின் பெயரைப் பார்த்த பிறகு, எத்தனை சீட்டு, எந்த வாயில், எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். இல்லையெனில் அனுப்பிய பிள்ளையையே கேளுங்கள். நம் மாணவனின் தங்கை மூன்றாம் வாயிலால் ஐந்தேகாலுக்கு வருகிறாள். வீட்டில் அப்படித்தான் முடிவாகியிருக்கிறது.