ஒரு பட்டை சேர்த்துப் போட்டா சரியாயிடுமாம்!

லாரி பின்பக்கம் உக்காந்துருச்சா? "ஒரு பட்டை சேர்த்துப் போடுங்கண்ணே, நிமிந்து நிக்கும்." ராசிபுரத்துல ஆரம்பிச்சு நாமக்கல் வரைக்கும் இந்த வைத்தியத்துக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. நிமிந்து நிக்கும்தான், இல்லைன்னு சொல்லல. அது நிமிந்து நிக்கிறதுதான் பிரச்சனையேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. லாரி வெச்சிருக்கற நண்பர்கள் சண்டைக்கு வரலாம், வாங்க.

முதல்ல பாரம் எப்படி ஏறுதுன்னு பார்ப்போம். நம்ம பக்கம் குச்சிக்கிழங்கு (புத்தகத் தமிழ்ல மரவள்ளி) சீசன்ல லோடு ஏத்தறது காட்டுல. அங்க எடை மேடை ஏது? கண் அளவுதான். பலகைக்கு மேல குவிச்சு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினா லோடு முடிஞ்சுது. வண்டி முதன்முதலா எடை பார்க்கறது சேகோ பேக்டரி வாசல்ல. அதுக்குள்ள அந்த பாரம் மேடு பள்ளம் எல்லாத்தையும் தாண்டி வந்திருக்கும். கொல்லிமலைக் கிழங்குன்னா, காரவள்ளி ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு வேற.

ஒரு கணக்கு போடலாம். ரெண்டு அச்சு, ஆறு டயர் லாரி. 2018 ஜூலையில மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தினப்போ, நாலு டயர் உள்ள பின் அச்சுக்கு 10.2 டன்னா இருந்தது 11.5 டன் ஆச்சு. முன்னாடி 7 டன். ஆக மொத்த வண்டி எடை 18.5 டன். வெறும் வண்டி 6 டன்னுன்னு வெச்சுக்கிட்டா, சரக்கு 12.5 டன் ஏத்தலாம். இப்ப கண் அளவுல 16.5 டன் ஏறிடுச்சு. நாலு டன் தானே கூட, அதுல என்ன?

அந்த நாலு டன் ரெண்டு அச்சுக்கும் சமமாப் போகாது. சரக்குல ஏறக்குறைய முக்கால் பங்கு பின் அச்சுல தான் விழும். வெறும் வண்டியிலேயே பின்னாடி இரண்டரை டன் இருக்கும். கூட்டிப் பாருங்க, பின் அச்சு 14.4 டன் கிட்ட வந்துடும். 11.5க்கு மேல கிட்டத்தட்ட மூணு டன், அதாவது கால் பங்கு அதிகம். இதுவும் வண்டி நின்னுக்கிட்டு இருக்கும்போது! ஒரு குழியில இறங்கி ஏறினா அந்த ஒரு நொடிக்கு இதைவிட ரொம்ப அதிகம். 2018க்கு முந்தி 10.2 டன்னுக்குன்னு செஞ்ச வண்டியா இருந்தா நிலைமை இன்னும் மோசம். டெல்லியில அரசாணை மாறினா ராசிபுரத்துல ஓடற பழைய பட்டையோட இரும்பு மாறிடுமா என்ன?

பட்டை ஒரே நாள்ல உடையறதில்லை. பட்டைக்கட்டோட ரெண்டு முனையையும் சேஸ் கீழே அழுத்துது, நடுவுல அச்சு மேலே தள்ளுது. அதனால ஒவ்வொரு பட்டையிலயும் மேல்பக்கம் இழுபடும். அங்க ஒரு துருக்குழியோ கீறலோ இருந்தா விரிசல் அங்கதான் பிறக்கும். குழிக்குக் குழி மயிரிழை மயிரிழையா வளரும். கடைசியில மிச்சம் இருக்கற இரும்பு தாங்காம ஒரு நாள் "டமார்". நம்பலைன்னா உடைஞ்ச பட்டையோட முகத்தைப் பாருங்க. ஒரு பகுதி கறுத்து, துருவேறி, வழவழன்னு இருக்கும். அது பழைய விரிசல். மிச்சம் சக்கரைக் கட்டியை உடைச்ச மாதிரி சொரசொரன்னு பளபளக்கும். அது இன்னைக்கு உடைஞ்சது. கறுத்த பகுதி பெருசா இருந்தா அந்த வண்டி பல நாளா, ஏன் பல வாரமாக்கூட, விரிசலோடயே லைனுக்குப் போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு யாராவது சொன்னா அந்த முகத்தைக் காட்டுங்க.

உடைஞ்ச இடமும் பேசும். யூ போல்ட் இறுக்கமா இருந்தா, பட்டை அதோட விளிம்பை ஒட்டி உடையும். நடு போல்ட் ஓட்டை வழியா ரெண்டா உடைஞ்சிருந்தா, யூ போல்ட் தளர்ந்து போயிருந்ததான்னுதான் முதல்ல சந்தேகப்படணும். அங்க புதுப் பட்டை மட்டும் போட்டு அனுப்பினா அதே இடத்துல திரும்ப உடையும்.

உடையறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம், பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. லோடு இறக்கின பிறகு சமதரையில நிறுத்தி, அச்சுக்கும் சேஸுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் டேப் வெச்சு அளங்க. ஒரு பக்கம் கம்மியா? பட்டைக்கட்டை துடைச்சுட்டுப் பாருங்க, விரிசல் இருக்கற இடத்துல செம்பழுப்புத் தூள் கசிஞ்சு கோடு மாதிரி நிக்கும். சேஸ்ல இருக்கற ரப்பர் முட்டு புதுசாத் தேய்ஞ்சிருந்தா அச்சு மேல வரைக்கும் வந்து இடிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் முன் சக்கர நடுவுலயிருந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. வித்தியாசம் இருந்தா நடு போல்ட் அறுந்து அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். ரோட்டுல பின்னாடி வர்றவனுக்கு அந்த லாரி நண்டு மாதிரி கோணலாப் போறது தெரியும், ஓட்டறவருக்குத்தான் தெரியாது.

எல்லா உக்காரலும் பட்டையால வர்றதில்லை. அளவுக்கு மீறின பாரத்துல ஹவுசிங்கே நடுவுல தொங்கிடும். அப்ப சக்கரங்களோட மேல்பக்கம் உள்ளே சாயும், உள் டயரோட உள் ஓரம் மட்டும் தேயும். இதுக்கு எத்தனை பட்டை மாத்தினாலும் தேய்மானம் நிக்காது.

இப்ப அந்த "ஒரு பட்டை சேர்த்து" வைத்தியத்துக்கு வருவோம். களைச்சுப் போன எட்டுப் பட்டையோட நல்லா வளைஞ்ச புதுப் பட்டை ஒண்ணைச் சேர்த்தா, பாரத்தை ஒன்பதும் சமமாப் பங்கு போட்டுக்காது. புதுசு தன் பங்குக்கு மேல வாங்கும், அதுவே முதல்ல உடைஞ்சாலும் ஆச்சரியமில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஹவுசிங், வீல் போல்ட், டயர், பிரேக் இதுல எதுக்காவது ஒரு கிலோ பலம் கூடுச்சா? இல்லை. கூடினது ஒண்ணே ஒண்ணு, இன்னும் ஏத்தலாம்ங்கற தைரியம். பட்டை உக்காந்தது அந்த வண்டி போட்ட கூச்சல். நாம வாயைக் கட்டிட்டு குணமாயிடுச்சுங்கறோம்.

இதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. பல லாரிகள்ல பின் பிரேக்குக்கு லோடு சென்சிங் வால்வு உண்டு. சேஸுக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை வெச்சுத்தான் அது பாரத்தைத் தெரிஞ்சுக்கும். இடைவெளி குறைஞ்சா லோடு இருக்குன்னு பின் பிரேக்குக்கு காத்தழுத்தத்தைக் கூட்டும், இடைவெளி அதிகமா இருந்தா வெறும் வண்டின்னு குறைக்கும். பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிட்டு அந்த வால்வைத் திரும்ப செட் பண்ணாம விட்டா என்ன ஆகும்? 16 டன் கிழங்கோட மலை இறங்கற வண்டி, பாதி லோடுதான் இருக்குன்னு நினைச்சு பிரேக் பிடிக்கும். பட்டறையில ஒரு பட்டை போட்டதோட இதையும் சரிபார்த்து அனுப்பறவங்க எத்தனை பேர்? (இருந்தா பின்னூட்டத்துல ஊரைச் சொல்லுங்க, கும்பிட்டுட்டு வர்றேன்.)

"வாடகை கட்டுப்படியாகலைங்க, ஏத்தலைன்னா அடுத்த வண்டிக்காரன் ஏத்திட்டுப் போவான்"ங்கறாங்க. ஒத்துக்கறேன், உண்மைதான். ஆனா அந்த நாலு டன்ல லாபம் பார்க்கறது யாரு? அதே கிழங்கை கம்மி நடையில வாங்கிக்கற சரக்குக்காரர். பட்டை செலவு, டயர் செலவு, நடுராத்திரி ஜாக்கி போட்டு ரோட்டுல நிக்கறது எல்லாம் ஓனரும் டிரைவரும். 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் 194வது பிரிவுப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலா ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நம்ம கணக்குல 28,000. அதிகப்படியை இறக்கி வெக்காம வண்டி நகரவும் கூடாது. இதுல நிறைய பேர் கவனிக்காத விஷயம், அந்தப் பிரிவு ஓட்டறவரை மட்டும் சொல்லல, ஓட்ட வெக்கறவரையும் ஓட்ட விடறவரையும் சேர்த்துத்தான் சொல்லுது. ஆனா சோதனையில கையை நீட்டறது எப்பவும் டிரைவர்கிட்டதான்.

ஆதாரம் தேடி ரோட்டுல நிக்க வேண்டியதே இல்லை. பேக்டரி எடை மேடைச் சீட்டுல வண்டி நம்பர், மொத்த எடை, வெறும் வண்டி எடை, தேதி, நேரம் எல்லாம் அச்சாகி இருக்கு. கிழங்குக்குக் காசு குடுக்கறதே அந்தச் சீட்டை வெச்சுத்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரங்க ஒரு சீசன் சீட்டை வாங்கிப் புரட்டினாப் போதும், எந்த பேக்டரி வாசல்ல எத்தனை வண்டி 18.5 டன்னைத் தாண்டி உள்ளே போச்சுன்னு ஒரு மத்தியானத்துல தெரிஞ்சுடும்.