மூடிக்குள் இருக்கும் சாட்சி

பழைய கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "பெட்டியும் பற்றுச்சீட்டும் இருக்கிறதா?" என்பதுதான். சுவிஸ் நாட்டு விலையுயர்ந்த மணிக்கூடுகளுக்கு அது பொருந்தலாம். கல்முனைக் கரையோரத்தில் கைமாறுகிற மணிக்கூடுகளுக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து.

இங்கே பெரும்பாலும் விலைபேசப்படுவது சீக்கோ ஃபைவ். 1970களின் பிற்பகுதியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் கையில் கட்டிக்கொண்டு திரும்பியது அதுதான். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மட்டுமல்ல, கிட்டங்கி தாண்டி, வயல்களுக்கு நடுவே இருக்கும் சொறிக்கல்முனையிலும் சில வீட்டு அலுமாரிகளில் ஒன்று கிடக்கும். கடைக்காரர் முத்திரையிட்ட உத்தரவாத அட்டையை எவர் பாதுகாத்தார்? அப்படியே ஒருவர் நீட்டினாலும், அதில் எழுதிய இலக்கமும் மணிக்கூட்டின் பின்மூடியில் உள்ள இலக்கமும் ஒன்றாக இராவிட்டால் அது வெறும் கடதாசி.

ஆகவே மணிக்கூட்டையே வாசிக்கப் பழக வேண்டும். அண்மையில் சொறிக்கல்முனை இளைஞர் ஒருவர் வாங்க எண்ணிய சீக்கோவை என்னிடம் கொண்டுவந்தார். "மாமா 1983இல் ஜித்தாவில் வாங்கியது, ஒருநாளும் திறக்கவில்லை" என்பது விற்பவர் சொன்ன கதை. பின்மூடியில் 7009 என்று தொடங்கும் மாதிரி இலக்கம். தொடரிலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் 3, 8. சீக்கோவில் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். (ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு ஆங்கில ஓ, என், டி எழுத்துகள் வரும்.) ஆண்டிலக்கம் பத்தாண்டுக்கொருமுறை திரும்பி வருவதால், எந்தப் பத்தாண்டு என்பதை மாதிரி இலக்கத்தைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். இங்கே 1983 ஓகஸ்ட் பொருந்தியது. இதுவரை கதை சரி.

முகப்பைப் பார்த்தபோதுதான் ஐயம் பிறந்தது. செம்மஞ்சள் நிறம், நேற்று அடித்தது போன்ற மினுக்கம். முகப்பின் அடிவிளிம்பில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய குறியீடு இல்லை. அந்தக் குறியீட்டின் முதல் நான்கு எண்கள் 7009 ஆக இருந்திருக்க வேண்டும். வளைகுடாவில் விற்ற பல சீக்கோக்களில் கிழமையை ஆங்கிலத்திலோ அறபியிலோ வைத்துக்கொள்ளலாம். இதில் திருகியை எவ்வளவு திருப்பியும் அறபு வரவில்லை. அது மட்டும் போதிய சான்றல்ல. ஆனால் ஜித்தாக் கதைக்கு அது துணைநிற்கவும் இல்லை.

பிறகு, கல்முனையில் மணிக்கூடு திருத்துபவர் ஒருவரைக் கொண்டு பின்மூடியைத் திறந்தோம். பலன்ஸ் சக்கரத்தின் அருகே பொறித்திருந்தது 7009 அல்ல, 7எஸ்26. அந்த எந்திரம் 1996இல்தான் வந்தது. 1983இன் கூட்டுக்குள் பதின்மூன்று ஆண்டுகளாவது இளைய எந்திரம்! மும்பையில் மறுவர்ணம் பூசி ஒட்டுப்போட்டு உலகெங்கும் அனுப்பும் சீக்கோக்கள் சேகரிப்பாளரிடையே பேர்போனவை. இது அங்கிருந்து வந்ததா, உள்ளூரிலேயே மாற்றியதா என்று நான் அறுதியிடமாட்டேன். ஒட்டு மணிக்கூடு ஓடாது என்பதும் இல்லை, நன்றாகவே ஓடலாம். ஒட்டுக்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள், மாமாவின் கதைக்கு விலை கொடுக்காதீர்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

மூடியைத் திறக்க விடாத விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது. சேர்விஸ் வரலாறும் அங்கேதான் கிடக்கிறது. திருத்துபவர்களில் பலர் மூடியின் உட்புறத்தில் திகதியையோ தம் அடையாளத்தையோ ஊசியால் கீறிவைப்பார்கள். கீறலே இல்லையென்றால் சேர்விஸ் செய்யவில்லை என்று முடிவுகட்டவும் முடியாது. ஆனால் திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் கைபழகாத யாரோ நோண்டியிருக்கிறார். திருகியின் தண்டிலும் திருகாணிகளிலும் செம்பழுப்புத் துரு தெரிந்தால் நீர் புகுந்திருக்கிறது. இது கடலோரம். 2004 டிசம்பர் 26இல் அலை புகுந்த வீடுகளிலிருந்து மீண்ட பொருட்களும் சந்தைக்கு வந்திருக்கக்கூடும். உப்புநீர்த் துருவை எண்ணெய் விட்டு மறைக்கலாம், நிறுத்த முடியாது.

இன்னொரு சோதனைக்குப் பொறுமை வேண்டும். இந்த இரு எந்திரங்களையும் திருகியால் சாவி கொடுக்க முடியாது. கை அசைவில்தான் வில் முறுகும். விற்பவர் நாலு தரம் குலுக்கிக் காட்டினால் செத்த மணிக்கூடும் சற்று நேரம் ஓடும். ஒருநாள் முழுக்கக் கட்டியிருந்துவிட்டு, இரவு கழற்றி மேசையில் வையுங்கள். ஏறத்தாழ நாற்பது மணிநேரம் ஓட வேண்டியது மறுநாள் காலைக்குள் நின்றுவிட்டால், பெரும்பாலும் எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள். சேர்விஸ் செலவை விசாரித்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

கனடாவிலோ இலண்டனிலோ இருந்து படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள், தம் பெயரையும் அன்றைய திகதியையும் கடதாசியில் எழுதி, அதன்மேல் மூடி திறந்த மணிக்கூட்டை வைத்துப் படமெடுத்து அனுப்பும்படி கேட்க வேண்டும். இணையத்தில் சுட்ட படத்தோடு விற்பவருக்கு அது முடியாத காரியம். நேரில் வாங்குகிறவர்கள் விற்பவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பின்மூடி இலக்கம், எந்திர இலக்கம், விலை, திகதி நான்கையும் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். பின்னர் அது களவுப்பொருள் என்று எவரேனும் வந்து நின்றால் உங்கள் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான். அந்த இளைஞர் கையொப்பம் கேட்டார். விற்பவர் விலையைக் குறைக்க இணங்கினார், கையொப்பமிட இணங்கவில்லை. வியாபாரம் படியவில்லை.